பத்தாவது நிமிடம்

டமார் என்று பிளாஸ்டிக் நாற்காலி பின்பக்கமாக விழுந்தது. விமலா எழுந்த வேகம் அப்படி.

"அக்கா, கன்ட்ரோலரை மெதுவா வை! ஒடைஞ்சா இன்பராஜ் அண்ணன் அழுதுடுவாரு" என்றான் கிரிஷ். ஜெயித்தவன் சிரிப்பு அவன் முகமெல்லாம் பரவியிருந்தது.

அறையில் இருந்த இருபது பேரும் சிரித்தார்கள். திரையில் விமலாவின் வீராங்கனை தரையில் குப்புறக் கிடந்தாள். மூன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடிந்துவிட்டது.

ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில், தையல் கடைக்கு மேல்மாடியில் இருந்தது இன்பராஜின் கேம் சென்டர். மைசூரில் நடக்கும் போட்டிக்கு கேஜிஎஃப் சார்பில் போக ஓர் இடம்தான் பாக்கி. அதற்கான தேர்வு அந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குத் தொடங்கியது. நடுவர் ஹரோல்ட், பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். ஐந்து மணிக்குள் அவர் பெயரை அனுப்பியாக வேண்டும். இப்போது மணி மூன்றே முக்கால். அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"சார், எழுதாதீங்க. டிவி மறுபடியும் லேட்டாவுது" என்றாள் விமலா.

"இன்னாம்மா இது? முதல் செட்டுல நீ அவனை வெளுத்து வாங்குனியே. அப்போ லேட்டாவல?"

"அப்போ ஆவல சார். இரண்டாவது செட் நடுவுல ஆரம்பிச்சுது."

"அது டிவி இல்லம்மா, பதட்டம். கொஞ்சம் தண்ணி குடி."

பதட்டம். நான்கு வாரமாக இதே வார்த்தை. பெங்களூருவில் வேலை முடித்து, ரயிலில் நின்றுகொண்டே ஊர் திரும்பி, வீட்டில் பழைய கம்ப்யூட்டர் மானிட்டரில் அவள் ஆடிப் பழகியது ஏழு மாதம். அங்கே அவள் கை தவறியதே இல்லை. இங்கே இன்பராஜ் புதிதாக வாங்கி மாட்டிய ஐம்பத்தைந்து அங்குல டிவிக்கு முன்னால் உட்கார்ந்தால் மட்டும் ஒவ்வொரு ஞாயிறும் தோல்வி. ஆரம்பத்தில் நன்றாக ஆடுவாள். போகப் போகச் சொதப்புவாள். "பொண்ணுக்குத் திறமை கீது, தைரியம் பத்தல" என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவளுக்கே ஒருநாள் அப்படித்தானோ என்று தோன்றிவிட்டது. அதுதான் அதிகமாக வலித்தது.

போன வாரம்தான் விஷயம் பிடிபட்டது. டிவியில் விளையாட்டுக்கென்றே இருக்கும் கேம் மோடு போடவே இல்லை. இன்று ஆட்டத்துக்கு முன் எல்லோரும் பார்க்க அவளே ரிமோட்டை வாங்கி கேம் மோடு போட்டாள், மோஷன் என்று இருந்ததை அணைத்தாள். முதல் செட்டில் கிரிஷால் எழவே முடியவில்லை. பிறகு திடீரென்று கை சேற்றில் சிக்கியது போல ஆகிவிட்டது.

விமலா ரிமோட்டை எடுத்துப் பட்டியலைத் திறந்தாள்.

"தோ, பாருங்க சார். நான் போட்டது கேம் மோடு. இப்போ இருக்கிறது விவிட், கலரைத் தூக்கிக் காட்டுற மோடு. மோஷன் முழுசா ஆன் ஆகிக் கீது."

"இருந்தா இன்னா?" என்றான் கிரிஷ். "ஒரே டிவி. உனக்கு லேட்டுன்னா எனக்கும் லேட்டு தானே?"

கூட்டம் "அதானே" என்றது.

"நீ முன்னாடி வந்து குத்திக்கினே இருப்பே. உனக்கு ஒண்ணும் ஆவாது. நான் உன் குத்து வர்றதைப் பார்த்து, கடைசி நேரத்துல தடுத்துத் திருப்பி அடிக்கிறவ. எனக்குக் கெடைக்கிறதே நொடியில பத்துல ஒரு பங்கு. அதை டிவியே முழுங்கிட்டா நான் எதைப் பார்த்து அடிப்பேன்?"

ஹரோல்ட் புருவத்தைச் சுருக்கினார். "வாய்ல சொன்னா ஆவாதும்மா. காட்டு."

விமலா தன் போனில் ஸ்லோ மோஷன் வீடியோவைத் திறந்தாள். நொடிக்கு 240 படம் எடுக்கும் போன் அது. திரையும் கன்ட்ரோலரும் ஒரே சட்டத்தில் தெரியும்படி இன்பராஜைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, குத்தும் பட்டனை அழுத்தினாள். பிறகு வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். விரல் பட்டனை அழுத்திய படத்திலிருந்து திரையில் கை அசையும் படம் வரை ஹரோல்டே எண்ணினார். முப்பத்தெட்டு.

கேம் மோடைத் திரும்பப் போட்டு மறுபடி எடுத்தார்கள். பதினைந்து.

"இருபத்தி மூணு படம் வித்தியாசம் சார். நொடியில பத்துல ஒரு பங்கு கிட்ட."

அறையில் சிரிப்பு நின்றுவிட்டது. இன்பராஜுக்கு மட்டும் முகம் தொங்கிப்போனது. "பெட்டி மேல 240ன்னு பெருசா போட்டிருந்தாங்களேம்மா? வேகமான டிவின்னு தானே வாங்கினேன்."

"அது விளம்பரக் கணக்குண்ணா. இந்தத் திரை நொடிக்கு 120 படம் தான் காட்டும். உங்க கேம் பெட்டி பழசு, நொடிக்கு அறுபது படம் தான் அனுப்பும். மீதி அறுபதை டிவியே நடுவுல நடுவுல வரைஞ்சு சொருவுது, வழவழன்னு தெரியணும்னு. அதான் இந்த மோஷன். ரெண்டு படத்துக்கு நடுவுல வரையணும்னா அடுத்த படம் வந்து சேர்ற வரைக்கும் இந்தப் படத்தைக் காட்டாம நிறுத்தி வெக்கணும் இல்ல? அப்புறம் கலர், பளபளப்புன்னு ஒவ்வொண்ணுக்கும் கொஞ்சம் நேரம். சினிமா பாக்கிறவங்களுக்குத் தெரியாது. கேம் மோடு போட்டா அந்த வேலை எல்லாத்தையும் வுட்டுட்டு, வந்ததை வந்த மாதிரி காட்டும்."

"சரி. அப்போ கேம் மோடை மாத்துனது யாரு?" என்றார் ஹரோல்ட்.

விமலா கிரிஷைப் பார்த்தாள். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டிவி ஷோரூமில் வேலை பார்ப்பவன் அவன்.

"இன்னா அப்படிப் பாக்கிறே?" என்று கொதித்தான் கிரிஷ். "நான் மாத்துனேன்றியா?"

"டிவி விக்கிறவன் நீ தானே? போன்லயே மாத்தத் தெரியும் உனக்கு."

"ஏய், வாயை அளந்து பேசுக்கா! ரெண்டு கையிலயும் கன்ட்ரோலர் புடிச்சுக்கினு, மூணாவது கையாலயா போனை நோண்டினேன்?"

"உன் கூட்டாளிங்களுக்கு எத்தினி கை கீதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்தார்கள். யாரோ யாரையோ தள்ளினார்கள். ஹரோல்ட் தன் விசிலை எடுத்து ஓர் ஊது ஊதினார். சின்ன அறையில் அது காதைக் கிழித்தது.

"உக்காருங்கடா! கேளுங்க ரெண்டு பேரும். எவனாவது மாத்தியிருந்தா, யாருக்காக மாத்துனானோ அந்த ஆளு வெளியே. டிவிலயே கோளாறுன்னு காட்டினா ஸ்கோரை அடிச்சுட்டு முதல்லேந்து ஆட்டம். ரெண்டும் தெரியலன்னா அஞ்சு மணிக்கு இந்தப் பேர் தான் போவும்." காகிதத்தில் விரலால் தட்டினார். ஆட்டம் முடிந்ததுமே அவர் எழுதி வைத்த கிரிஷின் பெயர் அதில் இருந்தது.

மணி நாலு பத்து.

ரிமோட்டை ஹரோல்ட் தன் பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். கிரிஷ் போனை மேஜை மேல் அறைந்து வைத்தான். அவன் நண்பர்களும் வைத்தார்கள். விமலாவும் வைத்தாள். இன்பராஜ் போய் வைஃபை பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். டிவியில் கேம் மோடு. யாரும் ஆடவில்லை. திரையில் இரண்டு வீரர்கள் தாங்களாகவே மாதிரிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அதை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்து நிமிடம். எட்டு நிமிடம். ஒன்றும் நடக்காவிட்டால் என்று விமலா கணக்குப் போட்டாள். போனை எல்லாம் பிடுங்கி வைத்தபிறகு ஒழுங்காக இருந்தால், கிரிஷ்தான் திருடன் என்றாகும். ஆனால் நிரூபிக்க முடியாது. இடமும் போகும், ஊரில் பேரும் போகும். ஆடத் தெரியாதவள் பழி போட்டாள் என்பார்கள்.

"பாத்தியா? ஒண்ணும் ஆவல. நல்லா நடிக்கிறேக்கா" என்றான் கிரிஷ்.

அவன் வாயை மூடுவதற்குள் திரை பளிச்சென்றது. சிவப்பு இன்னும் சிவப்பானது. சண்டை போட்டவர்களின் கைகால்கள் எண்ணெய் தடவியது போல வழுக்கிக்கொண்டு போயின.

ஹரோல்ட் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தார். ரிமோட் அங்கேயே இருந்தது. பட்டியலைத் திறந்தார். விவிட். மோஷன் ஆன்.

"யாரும் தொடல" என்றார் மெதுவாக.

"தொடல சார். அப்போ டிவியோட கோளாறு தானே?"

"எதனாலன்னு தெரியாம நான் இன்னான்னு எழுதுறதும்மா? பேய் புடிச்சுதுன்னு எழுதுறதா? மைசூர்க்காரன் கேப்பான். மறுபடி ஆடுறப்பவும் இதே தானே ஆவும்?"

விமலா அவர் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தபிறகும் காகிதத்தில் அதே பெயர். இவ்வளவு தூரம் வந்து, இத்தனை பேர் முன்னால் நிரூபித்து, கடைசியில் ஒரு காரணம் கிடைக்காமல் தோற்பதா?

கிரிஷ் திரையின் அருகில் போய் நின்றான். மணி நாலு முப்பது. வாயை மூடிக்கொண்டிருந்தால் மைசூர் அவனுக்குத்தான். அது அவனுக்கும் தெரியும். அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"அக்கா, திருடன்னு சொன்னே இல்ல?"

விமலா அவன் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பேரோட நான் மைசூர் போவ மாட்டேன்" என்றவன் ஹரோல்டின் பக்கம் திரும்பினான். "சார், எங்க ஷோரூம்ல மாட்டி வெக்கிற டிவிங்க இப்படித்தான் பண்ணும். வர்ற கஸ்டமர் எல்லாம் நோண்டிட்டுப் போவான். கொஞ்ச நேரத்துல அதுவே எல்லாத்தையும் அழிச்சுட்டு, பளபளன்னு பழைய மாதிரி ஆயிடும். பாக்கிறவன் கண்ணைப் பறிக்கணும் இல்ல? டெமோ மோடு அது. வூட்டுக்குப் போற டிவி இப்படிப் பண்ணாது." பிறகு இன்பராஜைப் பார்த்தான். "அண்ணா, டிஸ்ப்ளே பீஸைத் தூக்கிக்கினு வந்தீங்களா?"

"சத்தியமா இல்லப்பா! சீல் போட்ட பெட்டி. நானே பிளேடு வெச்சுக் கிழிச்சேன். நானே மாட்டி, நானே ஸ்க்ரீனைப் பார்த்துப் பார்த்து செட் பண்ணேன்."

"முதல்ல ஆன் பண்ணப்போ ஏதாவது கேட்டுச்சா?" என்றாள் விமலா. "ஒண்ணு வுடாம சொல்லுங்கண்ணா."

இன்பராஜ் தலையைச் சொறிந்தார். "இன்னா கேட்டுச்சு... பாஷை கேட்டுச்சு, இங்கிலீஷ் குடுத்தேன். வைஃபை பாஸ்வேர்டு கேட்டுச்சு. கீழே விளம்பரப் பட்டை ஒண்ணு ஓடிச்சு, தொந்தரவா இருந்துச்சுன்னு அதை மட்டும் அணைச்சேன். அப்புறம் ஆங், டிவி வூட்டுக்கா கடைக்கான்னு கேட்டுச்சு. எதுக்குப் பொய் சொல்லணும்? கடைன்னு குடுத்தேன். இது கடை தானே விமலா!"