மூடிக்குள் இன்னொரு மூடி

ஏசி மெக்கானிக் ஒருவன் வீட்டில் எலக்ட்ரிக் குக்கரில் வைத்த சோறு நாறியது. கெட்டுப்போன நாற்றம் இல்லை. பழைய கஞ்சியில் ஊறிய துணியை முகத்துக்கு நேரே உதறியது போல ஒரு புளித்த வாடை, மூடியைத் திறந்ததும் ஆவியோடு வந்து மூக்கில் அறையும்.

"அரிசி சரியில்ல," என்றான். அரிசி மாறியது. "தண்ணி சரியில்ல," என்றான். கேன் தண்ணீர் வந்தது. வாடை மட்டும் அசையவில்லை.

"பாத்திரத்த ஒழுங்கா கழுவுறியா?" என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டுவிட்டான்.

"நாளையிலிருந்து நீங்களே கழுவுங்க சாமி," என்று ஸ்பாஞ்சை அவன் கையில் திணித்துவிட்டு அவள் போய்விட்டாள்.

அவனும் வீம்புக்குக் கம்பி நாரை எடுத்துத் தேய் தேயென்று தேய்த்தான். பாத்திரம் பளபளவென்று ஆகவில்லை. உள்பூச்சுதான் கோடு கோடாகக் கிழிந்தது. அன்றிலிருந்து சோறு அடியில் ஒட்டவும் ஆரம்பித்தது.

இந்த நேரம் பார்த்து மனைவியின் அண்ணன் குடும்பத்தோடு சாப்பிட வந்தார். மச்சான் ஒரு வாய் வைத்தார், மென்றார், தண்ணீர் குடித்தார். "காலையில எங்க வீட்ல கொஞ்சம் ஹெவியா சாப்ட்டோம்," என்றார். நேற்றைய சோற்றைச் சூடு பண்ணிப் போட்டுவிட்டதாக அவர் நினைப்பது அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

மானம் போனது. "இந்தச் சனியன தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குறேன்," என்று குக்கரின் வயரைப் பிடுங்கினான்.

"தூக்கித்தான் போடப் போறீங்கன்னா எனக்குக் குடுங்க தம்பி. எங்களுது சூடே ஆக மாட்டேங்குது," என்றாள் மச்சானின் மனைவி.

நாறுகிற பொருளை வாயைத் திறந்து கேட்கிறாளே என்று அவனுக்கு உள்ளூரச் சிரிப்பு. பெருந்தன்மையாகக் காரில் ஏற்றிவிட்டான்.

புதுக் குக்கர் வந்தது. சில வாரம் சோறு மணத்தது. அப்புறம் ஒரு மத்தியானம் மூடியைத் திறந்தான். போன விருந்தாளி பெட்டியோடு திரும்பி வந்துவிட்டது போல அதே வாடை.

அந்த வாரமே மச்சான் வீட்டில் சாப்பாடு. சோறு பொலபொலவென்று விழுந்தது, ஒரு வாடை இல்லை. அவன் மூன்றாவது முறை வாங்கிச் சாப்பிட்டான்.

"அக்கா, இது எந்தக் கம்பெனி குக்கர்?"

"உங்க கம்பெனிதான் தம்பி," என்று அவள் உள்ளே கை காட்டினாள். மேடையில் அவனுடைய பழைய குக்கர், மூடியை ஆவென்று திறந்து வைத்தபடி காய்ந்துகொண்டிருந்தது. "உள்பாத்திரம் மட்டும் புதுசு வாங்குனேன். அதை யாரோ அரம் போட்டு ராவி வச்சிருந்தாங்க."

மனைவி இருமலில் சிரிப்பை மறைத்தாள்.

"அப்போ வாடை?"

"இத நீங்க கழட்டுனதே இல்லையா?" மூடியின் உள்பக்கம் இருந்த தகட்டை அவள் ஒரு கொக்கியை அழுத்தித் தனியாக எடுத்தாள். மேலே ஆவி போகும் குமிழையும் பிடுங்கி இரண்டாகப் பிரித்தாள். "இங்கதான் கஞ்சி பொங்கி ஏறி உட்காருது. நான் வாங்கிட்டு வந்தப்போ தகட்டுக்குப் பின்னால மஞ்சளா பசை மாதிரி அப்பியிருந்துச்சு. வெந்நீர்ல சோப்பு போட்டு ஊற வச்சேன். ஓட்டைக்குள்ள சின்ன பிரஷ். ரப்பர் வளையத்தையும் துடைக்கணும். எல்லாம் காஞ்சப்புறம்தான் மூடணும். ஈரத்தோட மூடுனா நாறாம என்ன பண்ணும்?"

அவன் அந்தத் தகட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தான். அன்று காலையில்தான் ஒரு வீட்டில் ஏசியின் ஃபில்டரைக் கழற்றிக் காட்டி, "இத கழுவாம காத்து நாறுதுன்னா எப்படி சார்?" என்று கால் மணி நேரம் பாடம் எடுத்திருந்தான்.

"தம்பி தொழிலே இதுதானே," என்றார் மச்சான், அப்பாவியாக.

வீட்டுக்கு வந்ததும் புதுக் குக்கரின் தகட்டைக் கழற்றினான். பின்னால் வழவழவென்று ஒரு படலம். மனைவி பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பார்க்க, ஊற வைத்தான், மெத்தென்ற ஸ்பாஞ்சால் தேய்த்தான், குமிழைப் பிரஷ்ஷால் குடைந்தான், காயவைத்தான். உள்பாத்திரத்தின் அடியையும் துடைத்து வைத்து, அரிசி போட்டு, வேலை முடித்த கைகளை இடுப்பில் ஊன்றி நின்றான்.

சற்று நேரத்தில் குமிழின் ஓரமாகக் கஞ்சி பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. குமிழை அவன் சரியாகப் பொருத்தவில்லை.

மனைவி எழுந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு போனை எடுத்து, "அண்ணி, உங்க தம்பிக்குப் பாதிப் பாடம்தான் சொல்லிக் குடுத்தீங்களா?" என்றாள்.

"'டக்'னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தணும்னு சொல்லு," என்றது போன்.

ஆறியதும் அழுத்தினான். டக்கென்றது. அவள் கைதட்டினாள். வழிந்த கஞ்சியையும் அவனே துடைத்தான்.