பிறை பார்த்துப் போட்ட ரோட்டா

பிராட்ஃபோர்டில் ஈத் எப்போது என்று கேட்டால், எந்தப் பள்ளிவாசல் என்று திருப்பிக் கேட்பார்கள். சுமைராவின் பள்ளிவாசல் சவூதி அறிவிப்பைப் பின்பற்றும். நஸ்ரீனுடையது மொராக்கோவில் பிறை தெரிந்தால்தான் ஒப்புக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே நான்கு தெரு. ஆனாலும் பெரும்பாலும் ஒரு நாள் இடைவெளி விழுந்துவிடும். ஊரே தலையில் அடித்துக்கொள்ளும் அந்தச் சச்சரவை உள்ளூர வாழ்த்திய ஒரே ஜீவன் ஜானிஸ் ஹார்டகர்.

ஹாதார்ன் லாட்ஜ் முதியோர் இல்லத்தின் துணை மேலாளர் அவள். யாருக்கு எந்த நாள் வேலை என்ற பட்டியலை, அதாவது ரோட்டாவை, போடுவது அவள் பொறுப்பு. எந்த ஷிஃப்டிலும் மருந்து கொடுக்கப் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தே ஆக வேண்டும். பகல் நேரத்துக்கு அப்படி இருந்தது மூன்றே பேர்: சுமைரா, நஸ்ரீன், ஜானிஸ். மற்றவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் மருந்து வண்டியின் சாவியைத் தொடக் கூடாது. ஈத் இரண்டு நாளாக உடைந்தால்தான் சுமைராவும் நஸ்ரீனும் ஒரே நாளில் விடுப்புக் கேட்கமாட்டார்கள். ஏழாம் அறையில் சக்டன் தாத்தா இருந்தார். அவருடைய நடுக்குவாத மாத்திரை அரை மணி தாமதமானால் கால் பூட்டிக்கொள்ளும், பிறகு தொண்டையும்.

மாற்று விடுப்பு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே ஜானிஸ்தான். இரண்டு அரசு விடுமுறைகளில் வேலை பார்த்தால், அந்த இரண்டு நாளை அவரவர் பண்டிகைக்கு எடுத்துக்கொள்ளலாம். ஆறு வாரம் முன்பே கேட்க வேண்டும். ஈத் கேட்பவர்களுக்கு மட்டும் அடுத்தடுத்த இரண்டு நாட்களைப் பென்சிலால் குறித்து வைத்து, பிறை தெரிந்த பிறகு ஒன்றைப் பேனாவால் எழுதுவாள். கிறிஸ்துமஸ் அன்று நஸ்ரீன் வேலை பார்ப்பாள். எரித்ரியாக்காரி செனாயித்தும் பார்ப்பாள், அவளுக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி ஏழாம் தேதிதான். அதனால் மூன்று வருடமாக ஜானிஸ் கிறிஸ்துமஸுக்கு மோர்கம்பில் அம்மாவோடு உட்கார்ந்து வான்கோழி தின்றாள். ஊருக்கு உபகாரம் செய்தவள் தன் தட்டிலும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள், தப்பில்லை.

வட்டார மேலாளர் கீத் ஓல்டர்ஷாவுக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

"நடத்து ஜானிஸ், நடத்து. ஆனா ஒரே ஒரு ஷிஃப்ட்ல ஓட்டை விழட்டும், அன்னைக்கே இதுக்குப் பால் ஊத்திடுவேன். அப்புறம் ஈதும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

அந்த வருடம் சுமைராவின் பள்ளிவாசல் வெள்ளிக்கிழமை நோன்பைத் தொடங்கியது. நஸ்ரீனுடையது சனிக்கிழமை. ஜானிஸ் பென்சிலால் குறித்தாள்: சுமைராவுக்குச் சனி அல்லது ஞாயிறு, நஸ்ரீனுக்கு ஞாயிறு அல்லது திங்கள். ஞாயிறு இரண்டு பக்கமும் இடித்ததால், அன்றைக்குத் தன் பெயரையே போட்டுவைத்தாள். அது வரை எல்லாம் சரி. அப்படியே விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அந்த ஞாயிறு அன்னையர் ஞாயிறும்கூட. அம்மாவுக்கு எண்பத்தொன்பது வயது. மோர்கம்பில் கடலைப் பார்த்த ஓட்டலில் மேசை போடச் சொல்லி ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளி மாலை சுமைரா செய்தியோடு வந்தாள். சவூதியில் பிறை தெரியவில்லை, முப்பது நோன்பும் முழுசு, ஞாயிறுதான் ஈத். ஜானிஸ் விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். ஒரு நாள் தள்ளித் தொடங்கியவர்கள் ஒரு நாள் தள்ளித்தானே முடிப்பார்கள்? அப்படியானால் நஸ்ரீனுக்குத் திங்கள். அழிப்பானை எடுத்தாள். ஞாயிறில் இருந்த தன் பெயரை அழித்து அங்கே நஸ்ரீனை எழுதினாள், பேனாவால். தன் பெயருக்கு நேரே 'மாற்று விடுப்பு' என்று எழுதினாள். சிப்பந்திகள் அறைச் சுவரில் ரோட்டாவைக் குத்தியபோது நஸ்ரீன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிறை உங்க ரோட்டாவப் பாத்துட்டு வராது ஜானிஸ்," என்றாள்.

"உங்க ஆளுங்க என்னைக்கு ஒத்துப்போயிருக்காங்க கண்ணு?" என்றாள் ஜானிஸ்.

சுமைரா வாய்விட்டுச் சிரித்தாள். நஸ்ரீன் அவளுக்குப் பாஜி, அதாவது அக்கா. "அது சரி பாஜி, இவங்களே நம்ம இமாம் ஆயிடலாம்."

நஸ்ரீன் சிரிக்கவில்லை. அவளுக்கு ஐம்பத்தாறு வயது, கணவர் போய் இரண்டு வருடம். அதிகம் பேசமாட்டாள். கிளாஸ்கோவிலிருந்து பெரியவன், லூட்டனிலிருந்து சின்னவன், இருவரும் நாலு வருடத்துக்குப் பிறகு ஒன்றாக ஈதுக்கு வருகிறார்கள் என்பதை மட்டும் அந்த மாதம் முழுக்க, கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. பிராட்ஃபோர்டில் மார்ச் மாதத்தில் அப்படி ஒரு வானம் நல்லதற்கு வராது. ஜானிஸ் மோர்கம்பில் அம்மாவின் வீட்டுக் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. மொராக்கோவில் பிறை தெரிந்துவிட்டது. நஸ்ரீனின் பள்ளிவாசலுக்கு இருபத்தொன்பது நோன்போடு முடிந்தது. நாளைக்கே ஈத். ஊர் முழுக்க ஒரே நாள்.

அதற்குப் பிறகு செய்திகள் கொட்டின. செனாயித் வாழ்த்து அனுப்பினாள். சமையல்காரர் அனுப்பினார். சுமைரா எழுதியிருந்தாள்: 'அதிசயம்! எல்லாருக்கும் ஒரே நாள்!' மாதம் என்றால் இருபத்தொன்பதாகவும் இருக்கும், முப்பதாகவும் இருக்கும் என்பது இவளுக்குத் தெரியாத விஷயமா? பத்து வருடமாக இவர்களோடுதானே வேலை பார்க்கிறாள்! தெரிந்தும், வேண்டியதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டாள்.

ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குப் போன் அடித்தாள்.

"நாளைக்கா? விளையாடுறீங்களா மேடம்? எங்க ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு ஈத். மீதிப் பாதி அவங்க அம்மாவப் பாக்கப் போயிடுச்சு."

நிலைக்கண்ணாடி எதிரே அம்மா நாளைக்குப் போட வேண்டிய நீலச் சட்டையை மேலே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிருந்து பிராட்ஃபோர்டுக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. காலையில் எழுந்து ஓட்டிப் போனால் மருந்து வண்டியைத் தள்ளலாம். ஜானிஸ் அதை நினைத்தாள், ஒரு முறை நன்றாகவே நினைத்தாள். பிறகு நஸ்ரீனின் எண்ணை அழுத்தினாள். சுமைராவைக் கூப்பிட்டால் கத்துவாள், தொழிற்சங்கம் என்பாள். குனிகிற முதுகில்தானே குத்த முடியும்.

பின்னால் குழந்தைகளின் கூச்சல், பாத்திரச் சத்தம், யாரோ ஆண்குரலில் பலத்த சிரிப்பு.

"நஸ்ரீன், ஈத் முபாரக் கண்ணு. ஒரு சின்ன சிக்கல்."

"சொல்லுங்க."

"நாளைக்கு ரோட்டால நீங்கதான் இருக்கீங்க. வேற ஆளே கிடைக்கல. ஓட்டை விழுந்தா கீத் இந்த ஏற்பாட்டையே மூடிடுவார், எல்லாருக்கும் போயிடும். சக்டனோட மாத்திரை வேற... உங்களுக்குத் திங்கள் லீவு தர்றேன். செவ்வாயும் எடுத்துக்குங்க."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. நஸ்ரீன் வேறு அறைக்குப் போயிருக்க வேண்டும். பசங்க திங்கள் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள் என்று அவள் சொல்லவில்லை. நீங்க எங்க இருக்கீங்க என்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, சுவரில் குத்திய ரோட்டாவிலேயே இருந்தது.

"சரி, ஜானிஸ்," என்றாள்.

அவ்வளவுதான். ஒரு சண்டை போட்டிருந்தால் ஜானிஸுக்கு அன்றிரவு தூக்கம் வந்திருக்கும்.

ஞாயிறு எந்தக் குறையும் இல்லாமல் போனது. நஸ்ரீன் எட்டுக்கு வந்தாள், பெருநாள் தொழுகை நடந்துகொண்டிருந்த நேரத்தில் ஏழாம் அறைக் கதவைத் தட்டினாள். சீருடைக்குக் கீழே புதுச் சல்வாரின் பச்சை ஓரம் தெரிந்தது, கையில் மருதாணி. சக்டன் தாத்தா "கல்யாணமா பொண்ணே?" என்று கேட்டாராம். ஆமாம் என்றாளாம். இதையெல்லாம் செனாயித்தான் பிறகு சொன்னாள், சொல்லும்போது ஜானிஸின் முகத்தைப் பார்க்கவில்லை.

மோர்கம்பில் ஓட்டல் சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது. அம்மா இரண்டு முறை புட்டிங் கேட்டாள். ஜானிஸ் தன் கிண்ணத்தையும் அவள் பக்கம் நகர்த்தினாள்.

செவ்வாயன்று கீத் வந்தார். ரோட்டாவைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"பாத்தியா? கூப்பிட்டா வர்றாங்க. நான்தான் வீணாப் பயந்துட்டேன்."

"அது... ஒரு தடவைதான் கீத். அவங்க ரொம்ப நல்லவங்க."

"அதான் நானும் சொல்றேன். உன் ஏற்பாட்ட நான் மூடப் போறதில்ல, சந்தோஷமா? ஒரே ஒரு வரி சேக்கறேன்."

அந்த வரி வாரக் கடைசிக்குள் வந்துவிட்டது: பணித்தேவை ஏற்பட்டால் மாற்று விடுப்பில் இருப்பவரைத் திரும்ப அழைக்கலாம். ஜானிஸ் அதை ரோட்டாவுக்குப் பக்கத்தில் தானே குத்தினாள். எதைக் காப்பாற்றப் போனாளோ அதன் கழுத்தில் தன் கையாலேயே கயிற்றை மாட்டியதுபோல இருந்தது. அன்று முழுக்கச் சிப்பந்திகள் அறையில் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. யாரும் முறைக்கவில்லை. தேநீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டார்கள். அதுதான் பயமாக இருந்தது.

ஏப்ரல் முடிவதற்குள் அந்த வருடம் எந்த அரசு விடுமுறைகளை விட்டுக்கொடுக்கிறோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். முதலில் சுமைரா வந்தாள்.

"எனக்கு இந்த வருஷம் மாத்தல் எதுவும் வேணாம். ஒப்பந்தத்துல இருக்கிற லீவே போதும். கிறிஸ்துமஸும் சேத்து."

"நீங்கதான் கிறிஸ்துமஸ் கொண்டாடறதில்லையே சுமைரா."

"தூங்குவேன். தூங்கறதுக்கு பிறை பாக்க வேணாம்ல? ஈதுக்கு என் சொந்த லீவ எடுத்துக்கறேன். அதத் திரும்பக் கூப்பிட வரி இல்ல."

பிறகு செனாயித் வந்து அதையே இன்னும் மெதுவாகச் சொன்னாள். கடைசியில் நஸ்ரீன் வந்தாள். ஒரு டப்பாவில் பால் சேமியா கொண்டுவந்திருந்தாள், பேரீச்சம்பழமும் பாதாமும் போட்டது. வருடா வருடம் கொண்டுவருவாள். இந்த முறை ஒரு மாதம் தள்ளி வந்திருந்தது.

"ஈதுக்குப் பசங்களுக்காகச் செஞ்சேன், உக்காந்து சாப்பிட அவங்களுக்கு நேரமில்ல. நேத்து திரும்பச் செஞ்சு பாத்தேன்," என்றாள்.

"நஸ்ரீன், அன்னைக்கு நான்..."

"பரவால்ல."

"கிறிஸ்துமஸுக்கு நீங்க...?"

"வீட்லதான் இருப்பேன்." குரலில் கோபமே இல்லை. "பிறையாவது மாறும் ஜானிஸ். கிறிஸ்துமஸ் மாறாதே. இன்னும் எட்டு மாசம் இருக்கு, கணக்குப் போட்டுக்கலாம் நீங்க."

அவள் போன பிறகு ஜானிஸ் டிசம்பர் பக்கத்தைத் திறந்தாள். இருபத்தைந்தாம் தேதிக்கு நேரே எழுத அவளிடம் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. எழுதினாள்.

அன்று மாலை அம்மா போன் செய்தாள். கிறிஸ்துமஸுக்கு வான்கோழி சொல்லிவைக்கலாமா, கசாப்புக்காரன் இப்போதே கேட்கிறான் என்றாள். எண்பத்தொன்பது வயதில் எட்டு மாதம் தள்ளி நம்பிக்கை வைக்கிறவர்கள் அவசரப்படுவார்கள்.

"இந்தத் தடவை வர முடியாதும்மா. ஆள் இல்ல. அடுத்த நாள் வர்றேன், அதுக்கு அடுத்த நாளும் இருக்கேன்."

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் நின்றது. அம்மா அழவில்லை, சண்டை போடவில்லை, ஏன் என்று கேட்கவில்லை.

"சரி, ஜானிஸ்," என்றாள்.