கொடிக்குக் கீழே ஒரு குழாய்

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்று ஊரில் சொல்வார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, வயல் அவர்களுடையதா? அம்சத்துக்குச் சாணும் முழமும் ஒன்றல்ல. அவளுடைய சம்பாப் பயிரின் நுனி தண்ணீருக்குச் சாண் கீழே கிடந்தது. சாண் தண்ணீர் இறங்கினால் பயிர் மூச்சு விடும். இன்னும் இரண்டு நாள் இப்படியே கிடந்தால் அழுகிவிடும்.

அது அவர்கள் குடும்பத்தின் முதல் சொந்தப் பயிர். மாமனார் மருதையன் ஆயுசு முழுக்க அடுத்தவர் வயலில் நாற்று சுமந்தவர். புருஷன் நெடுஞ்செழியன் குவைத்தில் வெயிலில் காய்ந்து அனுப்பியதில்தான் குளத்தை ஒட்டிய இந்த இரண்டு ஏக்கர் வந்தது. உழவு, விதை, நடவு எல்லாவற்றுக்கும் அம்சமே நின்றாள். கழனியில் இறங்கிய முதல் நாள், "நம்ம வரப்பு" என்று மாமனார் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வரப்பு இப்போது எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை.

ஐப்பசி அடைமழையில் குளம் நிரம்பி வயலோடு ஒன்றாகிவிட்டது. குளத்துக்கு அந்தப் பக்கம் உயரமான ஆற்றங்கரை. கரைமேல் தார்ச்சாலை. கரைக்கு அப்பால் வடிகால் ஆறு. ஆற்றில் வெள்ளம் வடிந்து, குளத்துத் தண்ணீரைவிட இடுப்பளவு கீழே ஓடிக்கொண்டிருந்தது. போவதற்கு இடம் இருக்கிறது, வழிதான் இல்லை. கரைக்கு அடியில் இருந்த மதகு போன வருஷமே இடிந்து மண்மூடிப் போயிருந்தது. கரையை வெட்டினால் சாலை போய்விடும், போலீஸ் வந்துவிடும். ஊரில் இருந்த டீசல் எஞ்ஜின்களையெல்லாம் பெரிய பண்ணைக்காரர்கள் முந்திக்கொண்டு பிடித்துவிட்டார்கள். மின்சாரமோ மழை தொடங்கிய அன்றே விடைபெற்றுக்கொண்டது.

அப்போதுதான் கூத்தாநல்லூரிலிருந்து மூஸா வந்தார். டிராக்டர் நிறையக் குழாய்களோடு வந்தார். துபாயில் பல வருஷம் குழாய் பொருத்தும் வேலை பார்த்துத் திரும்பி, கடைத்தெருவில் பைப்புக் கடை வைத்திருப்பவர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதி போர்க் கிணறுகளுக்கு அவர்தான் குழாய் இறக்கியவர். கை வேலை செய்யும்போது வாயும் சும்மா இருக்காது. அவர் பேச்சில் துபாய் வராத நாள் இருந்தால் அன்று அவருக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

"எஞ்ஜின் எதுக்கு தங்கச்சி? பீப்பாயிலேருந்து டீசல உறிஞ்சி எடுக்கறதில்லையா, அதே வேலதான். குழாய நெறையத் தண்ணியோட கரைக்கு மேல வளைச்சு அந்தப் பக்கம் எறக்கிட்டா, அது பாட்டுக்கு இழுத்துக்கிட்டே போகும். கரண்டு வேணாம், டீசல் வேணாம்."

"கரைமேல பஸ்ஸு போவுதே பாய்?" என்றாள் அம்சம்.

"பஸ்ஸு மட்டுமா? நாளைக்கு அந்தில தர்காவுக்குக் கொடி போவுது."

அதுதான் சங்கடம். வருஷா வருஷம் தர்காவின் கந்தூரித் திருவிழாவுக்கு இந்தச் சாலை வழியாகத்தான் கொடி வண்டி வரும். ஜிகினாவும் பூவும் சுற்றிய உயரமான மரத்தை வண்டியில் நட்டு, நாலு பக்கமும் கயிறு பிடித்து இழுத்து வருவார்கள். அந்த மரம் எதற்காகவும் சாயாது. மின்கம்பியையே அன்றைக்குக் கழற்றிவிட்டுத்தான் கொடியை விடுவார்கள். மருதையன் தெருக்காரர்களும் அதை அப்படியே மதிப்பார்கள். கொடி கடக்கும்போது குடையைக்கூட மடக்கிவிடுவார்கள்.

ஆகவே மூஸா மூங்கிலும் சவுக்கும் கட்டிச் சாலையின் இரண்டு பக்கமும் கோபுரம் மாதிரி சாரம் எழுப்பினார். கொடியின் உச்சிக்கும் மேலே குழாய் போக வேண்டும் என்று இருபதடி உயரம் வைத்தார். தெருவே கூடி வேலை செய்தது. கரையே குளத்துத் தண்ணீருக்குப் பதினாலு அடி மேலே. சாரத்தின் மேல் அந்தக் குழாய் வளைந்து நின்றபோது கல்யாண வீட்டு வளைவு மாதிரி அழகாகத்தான் இருந்தது.

குளத்துப் பக்க வாயையும் ஆற்றுப் பக்க வாயையும் தண்ணீருக்குள்ளேயே அடைத்துவிட்டு, உச்சியில் வைத்திருந்த திறப்பு வழியாகக் குடம் குடமாக ஊற்றினார்கள். ஏணியில் ஆள் நின்று கைமாற்றிக் கைமாற்றி ஊற்றி, குழாய் நிரம்பி வழிந்தது. மூஸா மேலே ஏறி மூடியை இறுக்கினார். "தெறங்க!" என்று குரல் கொடுத்தார். இரண்டு வாயையும் ஒரே நேரத்தில் திறந்தார்கள்.

ஆற்றுப் பக்கம் குபுகுபுவென்று கொஞ்சம் கொட்டியது. தெரு விசிலடித்தது. விசில் முடிவதற்குள் குழாய் ஒருமுறை கொப்பளித்துவிட்டு நின்றுபோனது.

மூட்டு ஒழுகுகிறது என்று நினைத்து ஒவ்வொரு மூட்டுக்கும் பசை போட்டுத் துணி சுற்றினார்கள். மறுபடி குடம், மறுபடி ஏணி. மறுபடியும் அதே கொப்பளிப்பு. "துபாய்க் குழாய்க்கு நம்மூர்த் தண்ணி ஒத்துக்கலை போல" என்று ஒருவன் சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். அம்சத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூஸாவின் மேல் கோபமும் வந்தது. பாதி நாள் போய்விட்டது.

மூஸா பதில் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததைப் பார்த்துத்தான் அம்சம் பயந்தாள். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, குழாயைத் தட்டிக்கொண்டே போனார். கீழெல்லாம் கெட்டியான சத்தம் வந்தது. உச்சி வளைவை நெருங்கியதும் வெற்றுப் பானை மாதிரி ஒலித்தது. உச்சி மூடியை மெல்லத் திருகினார். உஸ்ஸ் என்று காற்று உள்ளே பாய்ந்தது. திறந்த வாயில் உள்ளங்கையை வைத்தார். கையைக் குழாய் பிடித்து இழுத்தது. பலமாகப் பிடுங்கித்தான் எடுத்தார். அடுத்த நிமிஷம் இரண்டு பக்கமும் தண்ணீர் சரசரவென்று கீழே இறங்குகிற சத்தம் கேட்டது.

சிவந்த உள்ளங்கையைப் பார்த்தபடியே இறங்கி வந்தார். கூடியிருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"குழாயில ஓட்டை இல்ல. ஓட்டை இருந்தா காத்து முன்னாடியே உள்ள போயிருக்கும், இப்புடிக் கைய இழுக்காது. தப்பு எம் மேலதான். ஒசரம் கூடிப்போச்சு."

"ஒசரத்துக்கும் அதுக்கும் என்னய்யா?" என்றார் மருதையன்.

"தண்ணிய மேல இழுக்கறது குழாயில்ல பெரியவரே. குளத்து மேல காத்து உக்காந்து அமுக்குதுல்ல, அதுதான் தண்ணியக் குழாய்க்குள்ள தள்ளி ஏத்துது. அதோட பலம் முப்பத்துமூணு அடி. அதுக்கு மேல ஒரு அடி ஏறச் சொன்னாலும் ஏறாது, நடுவுல அறுந்துக்கும். நான் கரை பதினாலு, சாரம் இருபதுன்னு முப்பத்துநாலுல கொண்டுபோய் வச்சிருக்கேன். முப்பத்துமூணு வரைக்கும்கூட இழுக்கக் கூடாது, இருபத்தஞ்சுக்குள்ள இருந்தாத்தான் நிம்மதியா ஓடும். உங்க ஊருல தண்ணி கீழ போனப்ப மோட்டாரக் குழி வெட்டி எறக்கி வச்சேனே, எதுக்கு? இதுக்குத்தான். மோட்டாருக்குச் செஞ்சத இதுக்கு மறந்துட்டேன். கொடி மட்டும்தான் கண்ணுல இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்துக்கு நடுவில் இப்படிச் சொல்ல எத்தனை ஆம்பிளைக்கு வரும் என்று அம்சம் நினைத்தாள். சற்று முன்வரை இருந்த கோபம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

"அப்ப என்ன செய்யலாம் பாய்?"

"சாரத்தப் பிரிச்சுக் குழாய ரோட்டு மேலயே படுக்க வைக்கணும். பதினாலு அடிதான் ஏத்தம். கொளம் எறங்க எறங்க ஏத்தம் கூடும், இருந்தாலும் இருபதத் தாண்டாது. பஸ்ஸ மேடு கட்டி ஏத்தி எறக்கிடலாம். கொடிக்குத்தான்..." அவர் முடிக்கவில்லை. மேட்டில் ஏறினால் வண்டி ஆடும். வண்டி ஆடினால் கொடிமரம் சாயும்.

மூஸா அந்த ஈரக் கையிலியோடேயே கொடிக்குப் பொறுப்பான அல்லா பிச்சையைப் பார்க்கக் கிளம்பினார். அம்சமும் கூடப் போனாள். பெரியவர் பட்டறையில் கொடிமரத்துக்கு ஜிகினா ஒட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"கொடி எதுக்கும் குனிஞ்சதில்ல மூஸா."

"குனிய வேணாம் சாச்சா. குழாய்தான் கொடிக்குக் கீழ படுத்துக்கப் போவுது."

"மேட்டுல வண்டி ஆடுமேடா."

"ஆடாம கட்டித் தர்றேன். அப்புடி ஆடுனா என்னைய ஏசுங்க, ஊரை ஏசாதீங்க."

பெரியவர் அம்சத்தைப் பார்த்தார். "உன் பயிராம்மா?"

"ஆமாங்க. மொத பயிரு."

அவர் பசைக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "போ, குழாயப் போடு. வண்டியை என்ன செய்யறதுன்னு நான் பாத்துக்கறேன்."

சாரம் பிரிந்தது. சாலையைக் கடக்கிற துண்டுக்கு மூஸா பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டுக் கனமான இரும்புக் குழாயைப் போட்டார். அதை நசுக்காமல் சக்கரத்தின் பாரத்தைத் தாங்க, இரண்டு பக்கமும் குழாயைவிடக் கொஞ்சம் பருத்த தென்னந்தடிகளைக் கிடத்தினார். பெண்கள் மண் சுமந்தார்கள். மேடு மெல்ல ஏறி மெல்ல இறங்கும்படி நீளமாக மண்ணைக் கொட்டி மிதித்தார்கள். குளத்து வாயில் பாசி புகாமல் வலை கட்டினார்கள். ஆற்று வாய் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடாதபடி கல் கட்டி முழுக்கினார்கள். காற்று பின்பக்கமாக ஏறக் கூடாது என்று மூஸா அதைத் தானே இறங்கித் தடவிப் பார்த்தார்.

மறுநாள் மத்தியானம் எல்லாம் முடிந்தது. மறுபடி குடம், மறுபடி மூடி. "தெறங்க!"

கொப்பளிப்பு இல்லை. ஆற்றுக்குள்ளிருந்து தண்ணீர் முட்டிக்கொண்டு எழும்பியது, எழும்பிக்கொண்டே இருந்தது. குளத்துப் பக்கம் வலைமேல் மிதந்த இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஒட்டின. யாரும் எதையும் ஓட்டவில்லை, யாரும் எதையும் சுற்றவில்லை. தண்ணீர் தானே பதினாலு அடி மேலேறிச் சாலையைக் கடந்து தானே இறங்கிப் போனது. இப்படியொரு வேலைக்காரனை நான் கண்டதில்லை என்று மருதையன் சொன்னார். குழாயைச் சொன்னாரா, மூஸாவைச் சொன்னாரா என்று அம்சம் கேட்கவில்லை. இரண்டும் சரிதான்.

அந்தியில் மேளச் சத்தத்தோடு கொடி வந்தது. மேட்டுக்கு முன்னால் அல்லா பிச்சை கையை உயர்த்தினார். மேளம் நின்றது. "சக்கரம் உருள வேணாம், தூக்குங்க" என்றார். வண்டியை இழுத்து வந்த இளைஞர்கள் பக்கச் சட்டங்களுக்கு அடியில் தோள் கொடுத்தார்கள். ஆள் போதவில்லை. பெரியவர் தெருப் பக்கம் திரும்பி, "மருதையா, ஒங்க ஆளுங்களயும் வரச் சொல்லு. நம்ம கொடிதானே" என்றார்.

எப்போதும் ஓரமாய் ஒதுங்கி நிற்கிற தெரு ஓடி வந்து தோள் கொடுத்தது. வண்டி எழும்பியது. கொடிமரம் விளக்குக் கம்பம் மாதிரி நேராக நின்றபடி மேட்டில் ஏறி, குழாயைத் தாண்டி, அந்தப் பக்கம் இறங்கியது. எல்லோரும் அண்ணாந்து கொடியைப் பார்த்தார்கள். மூஸா மட்டும் மேட்டோரமாய்ச் சேற்றில் குப்புறப் படுத்து, குழாயில் காதை வைத்துக்கொண்டிருந்தார். இத்தனை பாரத்திலும் ஓட்டம் அறுந்துவிடவில்லையே என்று கேட்டுக்கொண்டிருந்தார். அம்சம் அவரைத்தான் பார்த்தாள்.

"ஓடுது தங்கச்சி" என்றார், தலையைத் தூக்காமலே.

மழை அதற்குப்பின் வரவில்லை. குழாய் இரவு பகலாக ஓடியது. விடிந்ததும் அம்சம் வயலுக்கு ஓடினாள். மூலையில் ஒன்று, வரப்போரத்தில் ஒன்று, பிறகு கண்ணுக்கெட்டிய வரை சேறு பூசிய நுனிகள் தண்ணீருக்கு மேலே நின்றன. தொட்டுப் பார்த்தாள். வளைந்தது, முறியவில்லை.

எஸ்.டி.டி. பூத்தில் குவைத்து லைன் கிடைக்க வெகுநேரம் ஆனது. நெடுஞ்செழியன்தான் எடுத்தான். நாலு நாளாகத் தூங்கவில்லை என்று அந்தக் குரலே சொன்னது.

"எஞ்ஜின் கெடைச்சுதா அம்சம்?"

"எஞ்ஜினும் கெடைக்கல, கரண்டும் வரல" என்றாள். அதற்குள் அழுகை வந்துவிட்டது. "மூஸா பாய் இருந்தாருங்க. நம்ம பயிரு மூச்சு விடுது."