பச்சை விளக்கின் மேல் கறுப்புத் துணி

கோளரங்கத்தில் எல்லோரும் அவளை வானக்காரி என்றே கூப்பிட்டார்கள். குவிமாடத்துக்குக் கீழே ஓரத்து மேசையில் உட்கார்ந்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு, இருட்டில் அண்ணாந்து கிடக்கிற கூட்டத்துக்கு எந்த நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று சொல்வது அவள் வேலை. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது வாய்ப்பந்தல் போடுகிற வேலை. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

அங்கே நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. ஒருவருடைய வலது, எதிரே இருப்பவருக்கு இடது. 'வலப்பக்கம் பாருங்கள்' என்று சொன்னால் கூட்டம் ஆளுக்கொரு திசையில் கழுத்தைத் திருப்பும். அதனால் எல்லோருக்கும் தெரிகிற ஒன்றை முதலில் பிடிக்க வேண்டும். அதிலிருந்து பளிச்சென்ற ஒரு நட்சத்திரம், அதிலிருந்து மங்கலான இன்னொன்று என்று படிப்படியாகக் கூட்டிப் போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவும் வேண்டும், தலைகள் திரும்ப நேரம் வேண்டுமல்லவா. சுட்டிக் காட்ட ஒளி அம்புக் கருவி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். "சொல்லத் தெரியாதவங்களுக்குத்தான் அம்பு" என்று அதை மேலாளர் அறை அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டாள். கொஞ்சம் திமிர் பிடித்தவள்தான்.

அன்று காலைக் காட்சிக்கு அவள் மகள் வாண்டுவின் வகுப்பு வருவதாக இருந்தது. சில வாரங்களுக்கு முன் வாண்டு ஒரு காட்சிக்கு வந்து, "துருவ நட்சத்திரம் எங்கம்மா? எனக்குப் பச்சையா ஒரு லைட்டுதான் தெரிஞ்சுது" என்று உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போயிருந்தாள். பிள்ளை சொன்னது நிஜம். அந்த ஊரின் வானத்தில் துருவ நட்சத்திரம் வடக்கே மிகவும் தாழ்வாக, அடிவானத்துக்கு மேலே ஒரு முஷ்டி உயரத்தில்தான் இருக்கும். அதற்கு நேர் கீழே வடக்குக் கதவு. கதவின் தலைக்கு மேலே 'வெளியே' என்று எரிகிற பச்சை விளக்கு. அந்த வெளிச்சம் குவிமாடத்தின் விளிம்பில் கசிந்து, ஏற்கெனவே சுமாராக மின்னுகிற அந்த நட்சத்திரத்தை விழுங்கிவிடும். மறுநாளே அவள் ஏணி போட்டு ஏறி, பச்சை விளக்கின் மேல் கறுப்புத் துணியை இரண்டாக மடித்துக் கட்டிவிட்டாள். எல்லோரும் வந்துபோவது தெற்குக் கதவு வழியாக, அங்கே இன்னொரு பச்சை விளக்கு எரிகிறது, வடக்குக் கதவை யார் சீந்தினார்கள் என்பது அவள் கணக்கு.

ஆனால் அன்று தெற்குக் கதவைச் சாத்திப் பூட்டியிருந்தார்கள். அதை ஒட்டிய நடைவழியில் பழைய வயரை மாற்றுகிற வேலை. கதவுக்கு வெளியே ஏணியும் பலகையும் மரப்பெட்டியுமாகக் குவிந்து கிடந்தன. உள்ளே இருந்த அவசர விளக்குகளையும் கழற்றி வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடத்துக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது, ஒரு கதவு போதும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். கதவுக்காரரைக்கூட, சாத்திய கதவில் யாரும் வந்து முட்டாமல் பார்த்துக்கொள்ள வெளி வாசலுக்கு அனுப்பிவிட்டார்.

விளக்குகளைப் பார்த்துக்கொள்கிற லைட் அண்ணன் காலையில் அவளிடம் வந்து தலையைச் சொறிந்தார்.

"ஏம்மா, இன்னைக்கு வடக்குக் கதவுதான் வழி. அந்தத் துணிய அவுத்துடேன்."

"ஒரு காட்சிண்ணே. எம் பொண்ணு வர்றா. முடிஞ்சதும் அவுத்துடறேன்."

"நீ சொன்னா சொன்னதுதான், நான் என்னத்த சொல்ல" என்று முனகிக்கொண்டே அவர் போனார்.

பிள்ளைகள் டீச்சரோடு வடக்குக் கதவு வழியாக இரைச்சலோடு வந்து உட்கார்ந்தார்கள். வாண்டு எந்த வரிசையில் உட்கார்ந்தாள் என்று பார்ப்பதற்குள் குவிமாடத்தின் மேற்கே சூரியன் இறங்கியது. விளிம்பு விளக்குகள் சிவந்து, மங்கி, அணைந்தன. நடுவிலிருந்த கருவி நட்சத்திரங்களை வாரி இறைத்தது. 'ஓ' என்று ஒரே சத்தம். அந்தச் சத்தத்துக்காகத்தான் அவள் இந்த வேலையில் இருந்தாள்.

"இப்ப எல்லாரும் பச்சையா எரியற அந்த விளக்கப் பாருங்க. அது தெற்கு. பாத்தாச்சா? அப்படியே அதுக்கு முதுகக் காட்டித் திரும்புங்க. இது வடக்கு. நல்லா உசரத்துல ஏழு நட்சத்திரம், ஒரு பெரிய கரண்டி மாதிரி..."

அப்போதுதான் வாசனை அடித்தது. வயர் கருகுகிற வாசனை. முதலில் தன் மேசைக்குக் கீழேதான் என்று நினைத்துக் குனிந்து பார்த்தாள். மேசை போன் சிணுங்கியது. தெற்கு நடையிலிருந்து லைட் அண்ணன்.

"கரண்டுப் பெட்டி எரியுதும்மா! வெளக்கு வராது! பிள்ளைங்கள வெளிய அனுப்பு!" இருமல் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

விளிம்பு விளக்கின் சுவிட்சைத் தள்ளினாள். இருட்டு இருட்டாகவே இருந்தது. நட்சத்திரக் கருவியும் மைக்கும் கதவுகளின் பச்சை விளக்குகளும் தனி பேட்டரியில் ஓடின, அவை மட்டும் உயிரோடு இருந்தன. அவளுடைய கைபேசி அலுவலக அறையில் கிடந்தது. அரங்கத்துக்குள் கைபேசியே கூடாது என்ற சட்டமும் அவள் போட்டதுதான்.

ஒரு பிள்ளை "புகை!" என்று கத்தியது. உடனே நாற்காலிகள் படபடவென்று மடங்கின. கால்களின் சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்று காதைத் தீட்டிக் கேட்டாள். எல்லாம் தெற்கே போயின. இருட்டில் எரிகிற ஒரே பச்சை விளக்கை நோக்கி, பூட்டிய கதவை நோக்கி, நெருப்பை நோக்கி. அந்த விளக்கைப் பாருங்கள் என்று சற்று முன்னால் சொன்னதும் அவளேதான்.

எழுந்து ஓடிப்போய் வாண்டுவைத் தேடலாமா? கால் அதற்குள் நாற்காலியைத் தள்ளிவிட்டது. வடக்குக் கதவுக்கு ஓடித் துணியைக் கிழிக்கலாமா? துணி ஏணி உயரத்தில் இருந்தது. மேசையை விட்டு எழுந்தால் குரல் நின்றுவிடும். குரல் நின்றால் பச்சை விளக்கு ஒன்றுதான் பேசும். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாரும் அப்படியே நில்லுங்க" என்றாள். கத்தவில்லை. தினமும் சொல்கிற அதே காட்சிக் குரல். "பச்சை விளக்குக்குப் போகாதீங்க. அந்தக் கதவு பூட்டியிருக்கு. நீங்க வந்த கதவு அது இல்ல."

"எங்க போறது மிஸ்? இருட்டா இருக்கு!" என்று ஒரு குரல் அழுதது. ஒலிபெருக்கிகள் குவிமாடத்துக்குப் பின்னால் சுற்றிலும் இருந்ததால் அவளுடைய பேச்சு எல்லாப் பக்கமும் இருந்து வந்தது. என் குரல் வருகிற பக்கம் வாருங்கள் என்றுகூடச் சொல்ல முடியாது.

அண்ணாந்து பார்த்தாள். புகை உச்சியில் போய்த் தேங்கியிருந்தது. தலைக்கு நேர் மேலே இருந்த நட்சத்திரங்கள் ஏற்கெனவே இல்லை. கரண்டியின் பிடி மங்கிக்கொண்டிருந்தது. குழிப் பக்கம் இன்னும் தெரிந்தது. அதுவும் போய்விட்டால் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல அவளிடம் ஒரு மண்ணும் மிஞ்சாது.

"பச்சை விளக்குக்கு முதுகக் காட்டுங்க. திரும்பியாச்சா?" பழக்கத்தில் வாயை மூடிக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பு அவள் உயிரைத் தின்றது. செருப்புகள் தரையில் உரசித் திரும்புகிற சத்தம் கேட்டது. "நல்லது. இப்ப மேல பாருங்க. கரண்டி தெரியுதா? அதோட குழியில, பிடிக்கு எதிர்ப் பக்கம், ஓரத்துல ரெண்டு நட்சத்திரம். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

"தெரியுது!" என்று நாலைந்து குரல்கள்.

"அந்த ரெண்டையும் சேத்து ஒரு கோடு போடுங்க. கோட்ட அப்படியே கீழ இழுத்துட்டு வாங்க. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற தூரத்தப்போல அஞ்சு மடங்கு. கீழ, கிட்டத்தட்ட சுவரத் தொடற இடத்துல, தனியா ஒரே ஒரு நட்சத்திரம். ரொம்பப் பிரகாசமா இருக்காது. பக்கத்துல கூட்டாளி யாரும் கிடையாது."

பதிலுக்கு இருமல். கரண்டியைப் புகை விழுங்கியது.

"மிஸ், இருக்கு! ஒண்ணே ஒண்ணு இருக்கு!"

"அதேதான் கண்ணு. அது நகராது. அதுக்கு நேர் கீழதான் கதவு. குனிஞ்சு நடங்க, நாற்காலி முதுகப் பிடிச்சுக்கங்க, முன்னாடி போறவங்க சட்டைய விடாதீங்க. யாரும் ஓடக் கூடாது. முதல்ல போறவங்களுக்குக் கையில திரைச்சீலை தட்டுப்படும். விலக்கிட்டுக் கதவத் தள்ளுங்க."

நடந்தார்கள். யாரோ விழுந்தார்கள், யாரோ தூக்கிவிட்டார்கள். அவள் அந்த நட்சத்திரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் "அதுக்குக் கீழ, அதுக்குக் கீழ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் மகளின் பெயர் தொண்டை வரை வந்து நின்றது. கூப்பிட்டால் பிள்ளை அம்மாவைத் தேடி மேசைப் பக்கம் திரும்பிவிடுவாள் என்று பயந்து கூப்பிடவில்லை. கூப்பிடாமல் இருந்ததுதான் அன்று அவள் செய்ததிலேயே கடினமான காரியம்.

திடீரென்று வடக்கே பகல் பிளந்துகொண்டு வந்தது. கதவு திறந்துவிட்டது. துருவ நட்சத்திரம் அந்த வெளிச்சத்தில் காணாமல் போனது. அதற்குப் பிறகு யாருக்கும் அவள் தேவைப்படவில்லை. ஆனாலும் கடைசிக் காலடி வெளியே போகிற வரை பேசினாள். "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டு, பதில் இல்லாத அரங்கத்தில் வரிசை வரிசையாகத் தவழ்ந்து கையால் துழாவிவிட்டுத்தான் வெளியே வந்தாள்.

முற்றத்தில் வெயில் கண்ணைக் குத்தியது. டீச்சர் பிள்ளைகளின் தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். லைட் அண்ணன் சுவரோரம் முகமெல்லாம் கரியாக உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பெட்டியில் நெருப்பை அணைத்துவிட்டு நடை வழியாகவே தப்பி வந்திருந்தார். வானக்காரி எதையும் சரியாகப் பார்க்கவில்லை. ஒரு தோழியின் பாவாடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்ற ஒரு சின்ன உருவத்திடம் போய் மண்டியிட்டாள்.

"கண்ணத் திறடி. வெளிய வந்தாச்சு."

வாண்டு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "இவதான் கூட்டிட்டு வந்தா. நான் ஒண்ணுமே பாக்கலம்மா."

"நட்சத்திரத்த?"

"லைட்ட அணைச்சப்பவே கண்ண மூடிக்கிட்டேன். எனக்குத்தான் இருட்டுன்னா பயமாச்சே. போன தடவையாவது எதிர்ல அந்தப் பச்ச லைட்டு இருந்துச்சு."

பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். பின்னால் மேலாளர், கூடிவிட்ட ஆட்களிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க வானக்காரி இல்லைன்னா இன்னைக்கு என்ன ஆயிருக்கும்! வாயாலயே எல்லாப் பிள்ளைங்களையும் காப்பாத்திட்டாங்க." லைட் அண்ணன் தண்ணீர்க் குவளைக்கு மேலாக அவளை ஒரு முறை பார்த்தார். துணியைப் பற்றி அவர் யாரிடமும் சொல்ல மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

திறந்து கிடந்த வடக்குக் கதவைப் பார்த்து வாண்டு கையை நீட்டினாள். கதவுக்கு உள்ளே, தலைக்கு மேலே, கறுப்புத் துணியின் ஒரு நுனி அவிழ்ந்து தொங்கியது. அதன் இடுக்கில் பச்சையாக ஒரு கீற்று.

"அம்மா, அந்த லைட்டு அங்கதான் இருக்கே. அத யாரு துணி போட்டு மூடினாங்க?"

மேலாளர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். டீச்சரும் எண்ணுவதை நிறுத்தினார்.

"நான்தான்" என்றாள் வானக்காரி, எல்லோருக்கும் கேட்கும்படி. 'உனக்காக' என்ற மீதியை மட்டும் விழுங்கிக்கொண்டாள்.