குழாய்க்குச் சட்டை

…அழுகின முட்டைக்கோஸ் வாடைதான், சந்தேகமில்லை, நேற்றும் இருந்தது, முந்தாநாளும், சாக்கடையா இருக்குமுங்கத்தே என்று மருமகள் சாரதாமணி ஊதுபத்தி கொளுத்தி வைத்தாள், சாக்கடை வாடை நின்றாலும் வரும், இது குனிந்தால்தான் வருகிறது, சிந்தின கடுகைப் பொறுக்கக் குனிந்த பொன்னாத்தாளின் முகத்தில் அடித்தது, கீழே படிகிற வாடை எது, எது கீழே படியும் என்று கிட்டுசாமி சொன்னான்… ஊரிலேயே முதல் சிலிண்டர் வந்த அன்றைக்கு ரிப்பன் கட்டி, பிரசிடெண்டைக் கூட்டி, அடுப்புக்கு மாலை போட்டுப் போட்டோ எடுத்தார்கள், எல்லோரும் பற்ற வைக்கிறதைப் பார்த்தார்கள், இவள் மட்டும் சிலிண்டர் மாட்ட வந்த கிட்டுசாமியிடம், நிறுத்தறது எப்படீங்க என்று கேட்டாள், சிரித்தார்கள், மகன் பொங்கியண்ணன்தான் அதிகம் சிரித்தான். இப்போது அவன் பனியன் கம்பெனி முதலாளி, இன்றைக்கு மதியம் ஜெர்மன்காரன் சாப்பிட வருகிறான், அவன் கண்ணில் சிவப்பு உருளை படக்கூடாதாம், சிலிண்டருக்குப் பூப்போட்ட பாவாடை, ரப்பர் குழாய்க்கு வட்ட மெஷினில் தையலில்லாமல் வந்த துணிக்குழல், அதில் கம்பெனி லேபிள்… இவன் அப்பன் சாகிறவரை மேல்சட்டை போட்டதில்லை, குழாய்க்குச் சட்டை. இருந்திருந்து இதையே பொங்கலுக்குச் சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் சீராகவும் கொடுத்தான், அதுவும் தாம்பாளத்தில் வைத்து.

இரு கண்ணு, பத்த வெக்காத, என்று வாயெடுப்பதற்குள் சாரதாமணி தீக்குச்சியைக் கிழித்துவிட்டாள், அடுப்பு எரிந்தது, அதோடு அடுப்புக்கு அடியிலும் எரிந்தது, முதலில் நீலமாக ஒரு நாக்கு, குழாய் அடுப்பில் சொருகின இடத்தில், பிறகு சட்டை பிடித்துக்கொண்டது, பஞ்சுத்துணி, மஞ்சளாய்ச் சீறிக்கொண்டு குழாயோடு கீழே இறங்குகிறது, எங்கே போகிறது, பாவாடை கட்டின சிலிண்டரைத் தேடியா… அடுத்த அறையில் தொட்டிலில் பேத்தி, மூன்று மாசம், இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. சாரதாமணி தண்ணீர்ச் சொம்பைத் தூக்கினாள். தண்ணி வேண்டாஞ் சாமி, வாணலியில எண்ணெ இருக்குது, புள்ளையத் தூக்கீட்டு வாசலுக்குப் போ. நீங்களும் வாங்கத்தே. நான் வர்றேன், நீ போ, ஓடாத, நட. தன் குரல் இத்தனை சாதாரணமாக வந்தது அவளுக்கே பயமாக இருந்தது.

தீயை அமுக்கலாமா, கூடாது, வாயுவை அடைக்காமல் தீயை அணைத்தால் வாயு சத்தமில்லாமல் வந்து தரையில் படுத்திருக்கும், ஒரு பொறிக்குக் காத்திருக்கும், எரிகிறவரை எங்கே இருக்கிறது என்றாவது தெரியும், இதுவும் கிட்டுசாமி. குழாயைப் பிடுங்கலாமா, பிடுங்கினால் பாம்பு மாதிரி சுற்றியடிக்கும். மண்பானையைச் சுற்றியிருந்த ஈரச்சாக்கை உருவிக் கையிலும் முன்கையிலும் சுற்றிக்கொண்டாள், தீ இன்னும் குழாயின் பாதியில்தான் இருந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பக்கவாட்டில் போய், பாவாடையைப் பிய்த்து எறிந்தாள், ரெகுலேட்டர் குமிழ் கைக்குத் தட்டுப்பட்டது, எந்தப் பக்கம், கோயிலைச் சுற்றுகிற பக்கம், வலமாக, திருப்பினாள், சீறல் தணிந்தது, குழாயில் மிச்சமிருந்தது குப்பென்று எரிந்து தீர்ந்தது, அடுப்பும் அணைந்தது. அப்புறம்தான் கருகிப் புகைந்த துணிமேல் சாக்கைப் போட்டாள். பின்கதவைத் திறந்தாள், வாடை கால் வழியாக வெளியே போகட்டும். வாணலியைத் தொடவில்லை.

பொங்கியண்ணன் ஓடிவந்து புகையைப் போக்க ஃபேன் சுவிட்சைத் தேடினான். கையெடு, பொறி பறந்துச்சுன்னா அத்தனையும் பிடிக்கும். எடுத்தான். பனியன் கம்பெனி முதலாளி அம்மா சொல்லி நின்றது எத்தனை வருஷத்துக்கு அப்புறம்… அவள் ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரின் கழுத்தில் கயிற்றோடு தொங்கின மூடியை அழுத்தி மாட்டினாள், சட்டையை உரித்தாள், உள்ளே குழாய் பித்தவெடிப்புக் காலாட்டம் விரிந்திருந்தது, ஓரத்தில் எலிப்பல் வேறு. சட்டை போட்ட நாளிலிருந்து யார் பார்த்தார்கள். பொங்கியண்ணனும் குனிந்து பார்த்தான், முகம் வெளுத்தது, உடனே சரியாகிவிட்டது.

மதியத்துக்குள்ள புதுக் குழாய் மாட்டிரலாம்மா, சட்டையும் வேற கலர்ல இருக்குது.

வேற ஊட்டுக்கெல்லாம் குடுத்தியே.

எது.

சட்டை.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். வேலம்பாளையத்தில் மகள் மயிலாள் இந்நேரம் இட்லி ஊற்றுவாள், பொங்கலுக்கு அந்தச் சட்டையை வாங்கிப்போனவள் ஏனுங்க எத்தனை அழகு என்று கையால் தடவினாள்… பொன்னாத்தாள் முன்னறைக்குப் போய் ஃபோனைச் சுற்றினாள், அங்கே மணி அடிக்கிறது, அடிக்கிறது, கொல்லையில் இருப்பாளோ, பாப்பாவைக் குளிப்பாட்டுகிறாளோ. எடுத்ததும் முதலில் என்ன சொல்ல, குமிழை எந்தப் பக்கம் என்று சொல்லவேண்டும், இவளுக்குச் சொன்னோமே, சாரதாமணிக்கு, எப்போது சொன்னோம்… இல்லை. யாருக்குமே சொல்லவில்லை. இத்தனை வருஷமாகத் தனக்குத் தெரியும் என்பதிலேயே ஒரு பெருமை இருந்திருக்கிறது. மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.