முப்பது நிமிடம் தொடர்ந்து

தென்காசியில் ஒரு மின்சாதனக் கடையின் மாடியில் ஃபாயிஸாவுக்கு வேலை. கடைச் சரக்கை இணையத்தில் விற்க விவரம் எழுத வேண்டும். மிக்ஸி என்றால் மோட்டார் எத்தனை வாட், எந்த ஜார் சட்னிக்கு, எந்த ஜார் மசாலாவுக்கு. கிரைண்டர் என்றால் எத்தனை லிட்டர் மாவு கொள்ளும், நிறுத்தாமல் எவ்வளவு நேரம் ஓடும். ஒரு நாளில் பத்துப் பதினைந்து எழுதிவிடுவாள்.

சாரல் காலத்துச் சனிக்கிழமை காலையில் கடை போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. குற்றாலத்தில் ஐந்தருவி போகும் வழியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் மாரித்தாய் பேசினாள்.

"எம்மா, ஒங்ககிட்ட வாங்குன மிக்ஸி பத்து நிமிஷம்கூட ஓடாம நின்னு நின்னு போவுது. அடியில இருக்க செவப்புப் பட்டனை அமுக்குனாத்தான் திரும்ப ஓடுது. நீங்க முப்பது நிமிஷம் தொடர்ந்து ஓடும்னுதான போட்டிருக்கீய? அந்தப் பட்டன்தான் கோளாறுன்னு எந்தம்பி சுடலைராஜ் அதைக் கழத்திட்டு வயரை நேரா சேத்துட்டான். இப்பம் நிக்காம ஓடுது. கூட்டம் நெறைய, மசாலா அரைக்கேன். வேற பட்டன் மட்டும் அனுப்பி வைங்க."

ஃபாயிஸா பதிவை இன்னொரு முறை கேட்டாள். அலமாரியிலிருந்து அதே மாதிரி மிக்ஸிப் பெட்டியை இழுத்து, உள்ளே இருந்த சிறு புத்தகத்தைப் பிரித்தாள். 750 வாட், மூன்று ஜார், வீட்டு உபயோகத்துக்கு மட்டும். அதற்குக் கீழே பொடி எழுத்தில்: முப்பது நிமிடம் என்பது மொத்தக் கணக்கு; ஐந்து நிமிடம் ஓட்டி இரண்டு நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும். முந்தின வாரம் கிரைண்டருக்கு எழுதிய பக்கத்தை நகலெடுத்துத்தான் அவள் இந்த மிக்ஸியின் விவரத்தை எழுதியிருந்தாள். பெட்டி மேல் முப்பது நிமிடம் என்று கண்டதும் 'தொடர்ந்து' என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டாள். கிரைண்டர் அரை மணி நேரம் ஓடும். மிக்ஸி ஓடாது. மோட்டார் சூடேறினால் நிறுத்துவதற்கென்றே இருந்த ஒரே காவல் அந்தச் சிவப்புப் பட்டன்.

உடனே அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மிக்ஸி இரைச்சலில் எங்கே கேட்கப்போகிறது? மூன்றாம் முறையும் எடுக்காமல் போக, கீழே இறங்கி ஓடினாள். கல்லாவில் இருந்த முதலாளி யாக்கூப்பிடம் நடந்ததைச் சொன்னாள்.

"நான்தான் தப்பா எழுதிட்டேன் மொதலாளி."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "அதெல்லாம் பொறவு. நீ ஆட்டோ பிடிச்சுப் போ. நான் போன் அடிச்சுக்கிட்டே இருக்கேன்."

அருவிக்குப் போகும் கார்களும் வேன்களும் சாலையை அடைத்திருந்தன. ஆட்டோ ஊர்ந்தது. ஈரத் தரை, பக்கத்தில் கேஸ் அடுப்பு, கொதிக்கும் எண்ணெய், நடுவே காவல் இல்லாத மோட்டார். கண்ணை மூடினால் இதுதான் தெரிந்தது. யாக்கூப்பை அழைத்துக் கேட்டாள். "இன்னும் எடுக்கல" என்றார். ஐந்தருவிச் சாலை திருப்பத்தில் ஆட்டோ அசையாமல் நின்றது. இறங்கிச் சாரலில் ஓடினாள். செருப்பு வழுக்கியதும் கையில் எடுத்துக்கொண்டாள்.

கடை வாசலிலேயே மூக்கில் ஏறியது, வயர் கருகும் நாற்றம். சமையல்கட்டில் மாரித்தாய் ஒரு கையால் ஜார் மூடியை அழுத்திப் பிடித்தபடி, மறுகையால் அடுப்பில் எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள். மிக்ஸியின் அடியிலிருந்து மெல்லிய புகை. கறிவாசனையில் அவளுக்குக் கருகும் நாற்றம் தெரியவில்லை.

"எக்கா, கையை எடுங்க!"

ஃபாயிஸா சுவர் சுவிட்சை அடித்து அணைத்தாள். இரைச்சல் நின்றதும்தான் சட்டென்று புகை கூடியது. அடிப்பாகம் ஒருபக்கம் உருகி, மேடையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கேஸ் குழாய் அதிலிருந்து ஒரு சாண் தூரம்கூட இல்லை. மாரித்தாய் அதைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க போட்டதை நம்பித்தான ஓட்டுனேன்?"

"நான் எழுதுனதுதான் தப்பு எக்கா. அஞ்சு நிமிஷத்துக்கு மேல இதை ஓட்டப்படாது."

மாரித்தாய் திட்டவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்று ஃபாயிஸாவுக்கு இருந்தது. உருகிய மிக்ஸியைப் பார்த்தபடியே மாரித்தாய் கேட்டாள்: "வேற யாரு வாங்குனா?"

அந்தக் கேள்வி ஃபாயிஸாவைத் திரும்பவும் உலுக்கியது. அங்கேயே நின்று, போனில் அந்த வரியைத் திருத்தினாள்: 'ஐந்து நிமிடம் ஓட்டவும், இரண்டு நிமிடம் நிறுத்தவும். சிவப்புப் பட்டனைக் கழற்றக் கூடாது.' பிறகு கடைக்குத் திரும்பி, அவளும் யாக்கூப்பும் அந்த மிக்ஸியை வாங்கியவர்களின் பெயர்களைப் பங்கிட்டு அழைத்தார்கள். மொத்தம் பதினாறு பேர். இலத்தூரில் ஒருத்தர் சிரித்தார். அச்சன்புதூரில் ஒருத்தி சண்டை போட்டாள். புளியறையில் லாரிக்காரர்களுக்குச் சமைக்கும் ஜெனோ மட்டும் எடுக்கவே இல்லை. அவர் கடைக்குப் பக்கத்துக் கடை நம்பரை யாக்கூப் தேடிப் பிடிக்க பள்ளிவாசலில் மாலை அஸர் பாங்கு சொல்லும் நேரமாகிவிட்டது.

கடைசியில் ஜெனோவே பேசினார். "நின்னுபோச்சுன்னு ஓரமா வச்சிருக்கேன். எலக்ட்ரீசியன் நாளைக்கு வாரேன்னு சொன்னாரு. பட்டனைக் கழத்திரலாமாம்."

"வேண்டாம்!" ஃபாயிஸா கத்திய கத்தலில் கீழே நின்ற வாடிக்கையாளர்கள் மேலே பார்த்தார்கள். "கழத்தாதீங்க அண்ணாச்சி. அது நல்லாத்தான் இருக்கு. மிக்ஸியையே மாத்துறதுக்கு ஆள் வருது, அதுவரைக்கும் தொடாதீங்க."

அவள் போனை வைத்தாள். யாக்கூப் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இதுவரை அவள் எழுதிய மற்றப் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னார். அவர் ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்து உள்ளே இருந்த புத்தகத்தைப் படிக்க, அவள் திரையில் சரிபார்த்தாள்.