லிந்துலையில் ஏன் தங்க வேண்டும்?

பொகவந்தலாவைக் கடைவீதியில் ராசிக் நானாவின் மளிகைக் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை உண்டு. அரிசி மூட்டைக்கும் கருவாட்டுக் கூடைக்கும் நடுவில் நாலு நாற்காலி போட்டிருப்பார். ஐம்பத்தஞ்சாம் வருசம் பங்குனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த நாலு நாற்காலியிலும் ஆள் இருந்தது. தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் சோலைமலை, அவர் சம்சாரம் அம்மாக்கண்ணு, தோட்டப் பள்ளிக்கூடத்துப் பொன்னையா மாஸ்டர், அவர் சம்சாரம் பூரணி. எல்லாருக்கும் நாற்பத்தஞ்சுக்கு மேலே. பேசிக்கொண்டிருந்ததோ நுவரெலியாவுக்கு நடந்தே போகிற விசயம்!

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது. அம்மாக்கண்ணுக்குப் பஸ் ஆகாது. நோர்வுட் வளைவு தாண்டுவதற்குள் வாந்தி எடுத்து, கண் சொருகி, அரை உயிராகிவிடுவாள். கல்யாணமாகி இருபத்தாறு வருசத்தில் ஹட்டனுக்கு அப்பால் அவள் எந்த ஊரையும் கண்ணால் பார்த்ததில்லை. மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, மகன் கொழும்பில் வேலையாகிவிட்டான். போன தீபாவளிக்கு, முறுக்குப் பிழிந்துகொண்டே, "நுவரெலியாவுல சித்திரை மாசம் பூவெல்லாம் பூத்துக் கெடக்குமாமே. நடந்து போற தூரமா இருந்தா நான் பாத்துருப்பேன்" என்றாள். சும்மா சொன்ன பேச்சுத்தான். ஆனால் சோலைமலைக்கு அது நெஞ்சில் தைத்துவிட்டது.

நெஞ்சில் வேறொன்றும் இருந்தது. அதுதான் வம்பு.

தை மாதம் ஆபீசிலிருந்து வீட்டுக்கு மேடேறும்போது நெஞ்சைப் பிடித்துப் பிசைகிற மாதிரி ஒரு வலி வந்தது. ஹட்டனில் ஆபீஸ் வேலை என்று பொய் சொல்லிவிட்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் காதில் குழாயை மாட்டிப் பார்த்துவிட்டு, "சமதரையில மெதுவா நடங்க, நல்லது. மேடு வேணாம், சாப்பிட்ட உடனே நடை வேணாம். வலி வந்தா நாக்குக்கு அடியில ஒரு மாத்திரை. அதுக்கும் நிக்கலேன்னா ஒரு நிமிசமும் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க" என்றார். அம்மாக்கண்ணுவிடம் மனுசன் வாயைத் திறந்தாரா? இல்லை. தெரிந்தால் அவள் பயணத்தையே நிறுத்திவிடுவாள். இந்த வருசம் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் இனி எந்த வருசம் என்கிற பயம் அவருக்கு. அதனால் பழியைத் தூக்கிப் பெண்டாட்டி முழங்காலில் போட்டார். "அம்மாக்கண்ணுக்கு முட்டி வலி. ஒரு நாளைக்கு ஆறேழு மைலுக்கு மேல வேணாம்" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தார். "எனக்கு என்னங்க முட்டி வலி? போன மாரியம்மன் திருவிழாவுக்கு மூணு நாள் கும்மியடிச்சேனே!" என்று அவளுக்கு ரோசம். ஆனாலும் நாலு பேர் முன்னால் புருசனை மறுத்துப் பேசுகிறவள் இல்லை.

அன்றைக்குக் கடையில் முதலில் வாயைத் திறந்தவர் மாஸ்டர். "எதுக்குங்க ஹட்டனச் சுத்திக்கிட்டு? இந்த மலையத் தாண்டினா அந்தப் பக்கம் அக்கரப்பத்தனை, அங்கருந்து நுவரெலியா. குறுக்குப் பாதையில பாதித் தூரந்தான்."

அரிசி மூட்டை மேல் உட்கார்ந்திருந்த ராசிக் நானா சிரித்துவிட்டார். அவருடைய லொறி தோட்டம் தோட்டமாக அரிசி கொண்டுபோகிற லொறி. இந்த மலைநாட்டில் எந்த ரோடு எங்கே மூச்சு வாங்க வைக்கும் என்று அவருக்குத் தெரியும். "மாஸ்டர், குறுக்குப் பாதை கொழுந்து பறிக்கிற காலுக்கு. கரத்தை ரோடு மாட்டு வண்டிக்காக வெட்டினது. பாரம் இழுக்கிற மாடு ஏறக்கூடிய ஏத்தந்தான் அதுல இருக்கும். தூரம் கூட, ஆனா காலுக்கு சொகம். நம்ம வயசுக்கு மைலப் பாக்கக்கூடாது, மேட்டத்தான் பாக்கணும்."

சோலைமலைக்கு நானாவைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

நானா விரலை மடக்கி வழியைச் சொன்னார். முதல் நாள் ஆற்றோரமாக நோர்வுட் வரைக்கும் இறக்கம். அங்கே தெரிந்த கிளாக்கர் வீட்டில் இரண்டு அறை, குளிக்க வெந்நீர். படுக்கை மூட்டை, மாற்றுத்துணி எல்லாம் லொறியில் முன்னாலேயே போய்விடும், கையில் குடையும் தண்ணீர்ப் போத்தலும் மட்டும். "சித்திரையில பகலுக்கு மேல இடி மழை வரும். வெள்ளன ஆறு மணிக்குக் கெளம்பினா பன்னெண்டுக்குள்ள ஊர் சேந்துரலாம். நனைஞ்சா அட்டை வேற புடுங்கி எடுத்துரும். பின்னேரம் காலை நீட்டிக்கிட்டு தேத்தண்ணி குடிக்கிறதுக்குத்தானே போறீங்க?"

பூரணிக்கு வாயெல்லாம் பல். "அக்கா, தொரைச்சாணி மாதிரி போப்போறோம்!" என்று அம்மாக்கண்ணுவின் தொடையில் தட்டினாள்.

"ரெண்டாம் நாள் ஹட்டன்" என்றார் நானா. "என் மச்சானோட லாட்ஜு. மாடியில காத்தோட்டமான அறை, கீழேயே சைவச் சாப்பாட்டுக் கடை."

"வேணாம் நானா. டிக்கோயாவுல நின்னுருவோம்" என்றார் சோலைமலை.

"டிக்கோயாவுலயா? எனக்குத் தெரிஞ்ச ஒரு பழைய வீடு இருக்கு. சுவரெல்லாம் ஈரம், தண்ணியும் கெணத்துலதான். ஹட்டன் இன்னும் ரெண்டு மூணு மைல்தானே?"

"அம்மாக்கண்ணு முட்டிக்கு அது ஜாஸ்தி."

அம்மாக்கண்ணு புடவைத் தலைப்பை இறுக்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் கொட்டகலை, அதில் தகராறு இல்லை. நாலாம் நாள் தலவாக்கலை. அருவி தெரிகிற ரோடு. ஊரிலே ரெஸ்ட் ஹவுஸ், மெத்தைக் கட்டில், கண்ணாடி ஜன்னல், சொல்லி வைத்தால் கோழிக்கறி. நானா சொல்லச் சொல்லப் பூரணி கண்ணை மூடிக் கேட்டாள்.

"தலவாக்கலையும் வேணாம். கொஞ்சம் தள்ளி லிந்துலைக்குப் போயிருவோம்" என்றார் சோலைமலை.

மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னங்க இது, சொகமா ஒரு எடம் சொன்னா வேணாங்கிறீங்க? லிந்துலையில எங்க படுக்கிறது, ரோட்டுலயா?"

"ஒரு வீடு பாத்துக்கலாம்."

"லிந்துலை தலவாக்கலைக்கு அங்கிட்டு ரெண்டு மூணு மைல் ஐயா, அதுவும் ஏத்தம். கொட்டகலையிலருந்து அன்னைக்கே பத்து மைல் ஆயிரும்" என்றார் நானா தயங்கியபடி.

அப்போதுதான் அம்மாக்கண்ணு வாயைத் திறந்தாள். குரல் உயரவில்லை. "ஏங்க, ரெண்டாம் நாள் என் முட்டிக்காக மூணு மைல் கொறைச்சீங்க. நாலாம் நாள் அதே முட்டிக்கு மூணு மைல் ஏத்தத்தக் கூட்டுறீங்க. இது என்ன முட்டிங்க?"

பூரணி சிரிக்கப் போனவள், அம்மாக்கண்ணுவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். முப்பது வருசம் ஆபீசில் கணக்கு எழுதின சோலைமலைக்கு இந்தச் சின்னக் கணக்கில் கால் இடறிவிட்டது.

அம்மாக்கண்ணு நானா பக்கம் திரும்பினாள். "நானா, டிக்கோயாவுல இருக்கிறது, லிந்துலையில இருக்கிறது, ஹட்டன்லயும் தலவாக்கலையிலயும் இல்லாதது என்ன? அந்தப் பக்கமெல்லாம் போய் வர்ற ஆளு நீங்க, சொல்லுங்க."

நானா கள்ளமில்லாத மனுசன். யோசித்துப் பார்த்துச் சொல்லிவிட்டார். "ரெண்டு எடத்துலயும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும்மா. நான் சொன்ன டிக்கோயா வீடுகூட ஆஸ்பத்திரிக்குப் பக்கந்தான்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. எழுந்து கடைப்பக்கம் போய்விட்டார். வெளியே யாரோ மண்ணெண்ணெய் கேட்கிற சத்தம் கேட்டது.

"யாருக்கு?" என்றாள் அம்மாக்கண்ணு.

சோலைமலை சட்டைப் பையிலிருந்து சின்ன மாத்திரைப் போத்தலை எடுத்து அவள் கையில் வைத்தார். "நெஞ்சு வலி, தையிலருந்து" என்று மட்டும் சொன்னார். மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். பூரணி மெல்ல எழுந்து, "நாங்க முன்னால போறோம் அக்கா" என்று புருசனைக் கூட்டிக்கொண்டு வெளியேறினாள்.

அந்த அறையில் புருசனும் பெண்டாட்டியும் மிஞ்சினார்கள். அம்மாக்கண்ணு அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். அவளோ போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒனக்காகத்தான் மறைச்சேன்" என்றார். "சொன்னா நீ வேணாம்னுருவ. ஒனக்கு அந்த ஊரக் காட்டணும்னு எனக்கு ஆசை. இருபத்தாறு வருசமா அடுப்படியத் தவிர நான் ஒனக்கு என்னத்தக் காட்டுனேன்? போற வழியில எனக்கு ஒண்ணு ஆனாலும், ஒன்ன நாலு ஊர் தாண்டிக் கூட்டிப்போன திருப்தியாவது இருக்கும்னு நெனச்சேன்."

"ஒங்களுக்குத் திருப்தி." அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "எனக்கு?"

"ஒனக்கு என்ன?"

"நீங்க ரோட்டுல விழுந்துருந்தா, எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. ஊரு என்ன சொல்லும்? பஸ்ஸு ஆகாத பொம்பள, பூ பாக்க ஆசைப்பட்டா, புருசன நடக்க வச்சே கொன்னுட்டான்னு சொல்லும். ஊரு சொல்லாட்டியும் நான் சொல்லியிருப்பேன். முறுக்குப் பிழியுறப்ப வாயத் தொறந்தேனே, அந்த ஒரு பேச்சத் தலையில சுமந்துக்கிட்டே மிச்ச நாளெல்லாம் இருந்துருப்பேன். அதத்தான் எனக்கு வச்சிட்டுப் போகப் பாத்தீங்க."

தான் சாவதை எத்தனையோ ராத்திரி சோலைமலை யோசித்திருக்கிறார். எந்த ஊரில், எந்த மேட்டில், எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரத்தில் என்று கூட யோசித்திருக்கிறார். அதற்கு மறுநாள் இவள் எப்படி எழுந்து உட்காருவாள் என்று ஒரு தடவையாவது யோசித்தாரா? யோசிக்கவில்லை. அவ்வளவு பாசம் வைத்த மனுசன் அதை மட்டும் யோசிக்கவே இல்லை. "தப்புத்தான், அம்மாக்கண்ணு" என்றார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கடைப்பக்கத்துக் கதவைத் திறந்தாள். ராசிக் நானா தராசுக்குப் பின்னால் ஒன்றும் தெரியாதவர் போல நின்றிருந்தார்.

"நானா, நாளைக்குக் காலையில டிக்கோயாவுக்கு ஒங்க லொறி போகுமா?"

"போகும் தங்கச்சி."

"ரெண்டு பேருக்கு எடம் வேணும். டாக்டரப் பாக்கணும்."

"ஒனக்கு லொறி ஆகாதே, வாந்தி வருமே" என்றார் சோலைமலை பின்னாலிருந்து.

"வரட்டும். எடுத்துக்கிட்டே வர்றேன். டாக்டரு என் காதுல சொல்லணும், ஒங்க காதுல இல்ல." பிறகு திரும்பி அவரைப் பார்த்தாள். "நோர்வுட் வரைக்கும் நடக்கலாம்னு அவரு சொன்னா நோர்வுட் வரைக்கும் போவோம். இந்தக் கடை வரைக்குந்தான்னா கடை வரைக்கும் வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவோம். எவ்வளவு தூரம்னு எனக்குக் கவலை இல்லங்க. போன ரெண்டு பேரும் திரும்பி வரணும்."